சார்ட் தயாரான பிறகு தாமதமாகும் ரயில்: காட்பாடிப் பயணிக்குக் கட்டணம் திரும்பும் வழி

முன்பதிவு செய்த டிக்கெட்டுக்குச் சார்ட் எனப்படும் இறுதி இருக்கைப் பட்டியல் தயாராகிவிட்டால், ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் அதை ரத்து செய்ய இயலாது. அத்துடன் பணம் போய்விட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ரயில் போய் இரண்டு நாள் கழித்து `File TDR` என்ற பக்கத்தைத் தேடிப் பிடித்து, தங்களுக்குப் பொருந்தாத காரணம் ஒன்றைக் குறித்து விண்ணப்பிக்கிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பின் நிராகரிப்புச் செய்தியைப் பெறுகிறார்கள். காட்பாடியில் ரயில் ஏறும் வேலூர், குடியாத்தம், ஆற்காடு பகுதி மக்களுக்கு இது அடிக்கடி நேரும் சிக்கல். ஏனெனில் அங்கே நின்று செல்லும் ரயில்களில் பல, டெல்லி, ஹவுரா, தன்பாத், குவாஹாத்தி போன்ற தொலைவிடங்களிலிருந்து ஒன்றரை நாள், இரண்டு நாள் ஓடி வருபவை. அவை காட்பாடியை எட்டும்போது பல மணி நேரம் தாமதமாவது அரிதல்ல. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானதால் பயணத்தைக் கைவிடும் பயணிக்கு, சார்ட் தயாரான பின்னும் முழுக் கட்டணம் திரும்பக் கிடைக்க விதி இருக்கிறது. ஆனால் அந்த உரிமை, பயணி ஏறவேண்டிய நிலையத்தை விட்டு ரயில் நகரும் நொடி வரைக்கும்தான் உயிரோடு இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் நியாயமான கோரிக்கைகள் பலவும் தோற்றுப் போகின்றன.

சார்ட்டுக்கு முன்னும் பின்னும் என்ன மாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சார்ட் தயாராகும் வரை டிக்கெட்டை ரத்து செய்தால், இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணினியே பிடித்தத்தைக் கணக்கிட்டு மீதியை அனுப்பிவிடும். அங்கே யாரும் விசாரிப்பதில்லை. சார்ட் தயாரான பிறகு அந்த இருக்கை டி.டி.இ.யின் கைக்குப் போய்விடுகிறது. பயணி வந்தாரா, வரவில்லையா, ஏன் வரவில்லை என்பதெல்லாம் அதன் பிறகு சரிபார்க்கப்பட வேண்டிய செய்திகள் ஆகிவிடுகின்றன. எனவே பயணி செய்வது ரத்து அல்ல, கோரிக்கை. டி.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தக் கோரிக்கையை ஐ.ஆர்.சி.டி.சி. வாங்கிக்கொள்கிறதே தவிர, முடிவு செய்வது ரயில்வே. படிவம் ஏற்கப்பட்டது என்று திரையில் வரும் செய்தியைப் பார்த்துப் பணம் வந்துவிடும் என்று நம்புவது தவறு என்பதற்குக் காரணம் இதுதான்.

சார்ட் எப்போது தயாராகிறது என்பதிலும் காட்பாடிப் பயணி ஏமாற வாய்ப்புண்டு. நெடுங்காலம் ரயில் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு சார்ட் தயாராகிவந்தது. 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரம் முன்னதாகவே தயாரிக்க ரயில்வே முடிவெடுத்துப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது; அந்த ஆண்டின் இறுதியில் அது இன்னும் முன்னதாக்கப்பட்டது. இந்த நேரம் காட்பாடியில் ரயில் புறப்படும் நேரத்திலிருந்து எண்ணப்படுவதல்ல. ரயில் கிளம்பும் நிலையம் அல்லது வழியில் சார்ட்டுக்கென வைத்திருக்கும் நிலையத்தின் நேரத்திலிருந்து எண்ணப்படுவது. ஆகவே தொலைவிலிருந்து வரும் ரயிலில் காட்பாடியிலிருந்து ஏறவேண்டியவர், தன் ரயிலுக்கு இன்னும் வெகு நேரம் இருக்கிறதே என்று நினைத்துத் தளத்தைத் திறந்தால், ரத்து செய்யும் வசதி எப்போதோ மூடப்பட்டிருப்பதைக் காண நேரிடும்.

இந்தக் கட்டத்தில் ரயில் சரியான நேரத்துக்கு வருகிறது, பயணிதான் போக முடியவில்லை என்றால், வழி குறுகியது. 2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த பயணச்சீட்டு ரத்து மற்றும் கட்டணத் திருப்ப விதிகளின்படி, உறுதியான டிக்கெட்டுக்கு ரயில் புறப்பட வேண்டிய நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு வரைதான் ரத்தோ டி.டி.ஆரோ செல்லும், அதன் பிறகு எதுவும் கிடையாது. சில புதிய வகை ரயில்களுக்கு இதைவிடக் கடுமையான வரம்பு வந்திருக்கிறது. ஆர்.ஏ.சி. டிக்கெட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வரை அவகாசம் உண்டு. ஆளுக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஒரே பி.என்.ஆரில் சிலருக்கு உறுதியாகி, சிலர் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்ட குடும்பங்களுக்கும் இதே அரை மணி நேர வரம்புதான். அத்தனை பேரும் பயணத்தைக் கைவிட்டு, அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த நேரத்துக்குள் டி.டி.ஆர். போட்டால், உறுதியான இடம் பெற்றவர்களின் கட்டணமும் எழுத்தர் கட்டணம் போக முழுதாகத் திரும்பும். இந்தச் சலுகை பலருக்குத் தெரியாது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒரே ஒருவர் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தாலும் இது பொருந்தும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. எல்லோருமே வெயிட்டிங் லிஸ்டில் நின்றுவிட்ட இணைய டிக்கெட்டுக்கு இந்தப் பாடே வேண்டாம்; சார்ட் தயாரானதும் அது தானாக ரத்தாகிவிடும். ரயிலே முழுவதும் ரத்தானாலும் அப்படித்தான்.

தாமதத்தின் விதி இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே தவறியது பயணி அல்ல, ரயில். ஆகையால் ரத்துக் கட்டணமும் இல்லை, எழுத்தர் கட்டணமும் இல்லை; உறுதியானது, ஆர்.ஏ.சி., தட்கல் எதுவானாலும் டிக்கெட்டின் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். சாதாரணமாக ரத்து செய்தால் ஒரு ரூபாயும் தராத உறுதியான தட்கல் டிக்கெட்டுக்கும் இந்த ஒரு சூழலில் முழுப் பணம் உண்டு என்பது, நோயாளியை அழைத்துக்கொண்டு அவசரமாகப் புறப்படுகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. முன்பதிவின்போது தளம் வாங்கும் வசதிக் கட்டணம் மட்டும் திரும்பாது. இதற்கு மூன்று நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும்: தாமதம் மூன்று மணி நேரத்தைத் தாண்ட வேண்டும், பயணி அந்த ரயிலில் போகாமல் இருக்க வேண்டும், பயணி ஏறவேண்டிய நிலையத்திலிருந்து ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன்பு டி.டி.ஆர். பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மனம் வெறுத்து வீடு திரும்பிவிட்டு மறுநாள் காலையில் ஆற அமர உட்கார்ந்து விண்ணப்பித்தால், ரயில் ஐந்து மணி நேரம் தாமதமாகியிருந்தாலும் கோரிக்கை காலங்கடந்ததாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். டெல்லியிலிருந்து நெல்லூர், கூடூர், திருப்பதி, சித்தூர் வழியாகக் கேரளத்துக்குப் போகும் ஒரு ரயிலில், காட்பாடியிலிருந்து எர்ணாகுளத்துக்கு மூன்று பேருக்கு மூன்றடுக்கு ஏ.சி.யில் உறுதியான டிக்கெட் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, ஆளுக்கு 1,000 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் என்றும், காட்பாடியில் ரயில் புறப்பட வேண்டிய நேரம் மாலை 4:00 என்றும் வைத்துக்கொள்வோம். மறுநாள் அதிகாலையில் எர்ணாகுளத்தில் இறங்கி நேராக ஒரு திருமணத்துக்குப் போக வேண்டும் என்பது திட்டம். பிற்பகல் ஒன்றரை மணிக்கு ரயிலின் ஓட்ட நிலையைப் பார்த்தால், காட்பாடியில் இரவு 7:20க்குப் புறப்படும் என்று காட்டுகிறது. தாமதம் மூன்று மணி இருபது நிமிடம். அப்படியானால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது. பேருந்தில் போவது நல்லது என்று குடும்பம் நினைக்கிறது.

இப்போதே டி.டி.ஆர். போட்டுவிடலாமா? அவசரப்படாமல் இருப்பதே நல்லது. ஓட்ட நிலையில் காணும் நேரம் எதிர்பார்ப்புதானே தவிர, நடந்து முடிந்த செய்தி அல்ல. தொலைதூர ரயில்களின் அட்டவணையில், பெரிய நிலையங்களை நெருங்கும் இடங்களில் ஓடுவதற்குத் தேவையானதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். தாமதமாக வரும் ரயில் அங்கே பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று மீட்டுக்கொள்ளும். அந்த ரயில் இறுதியில் காட்பாடியிலிருந்து 6:55க்குப் புறப்பட்டால் தாமதம் இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம். மதியமே போட்ட கோரிக்கையைச் சரிபார்க்கும் அலுவலர், பதிவில் உள்ள உண்மையான நேரத்தைப் பார்த்து அதை நிராகரிப்பார். விதியில் உள்ளது மூன்று மணி நேரத்துக்கு மேல் என்பதால், சரியாக 7:00 மணிக்குப் புறப்பட்டாலும் போதாது. டிக்கெட்டையும் விட்டு, பணத்தையும் விட்ட நிலை வரும்.

ஆகவே கவனிக்க வேண்டியது எதிர்பார்ப்பு நேரத்தை அல்ல, காட்பாடிக்கு முந்தைய நிறுத்தத்திலிருந்து ரயில் உண்மையில் புறப்பட்ட நேரத்தை. திருப்பதிப் பக்கத்திலிருந்து வரும் ரயிலானால் அது பெரும்பாலும் சித்தூர். அங்கிருந்து காட்பாடிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் எடுத்துக்காட்டில் ரயில் சித்தூரை 6:25க்கு விட்டது என்று காட்டினால், முப்பத்தைந்து நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து அது காட்பாடிக்கு வந்துவிடாது. நின்று புறப்படும்போது ஏழு மணி கடந்துவிடும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். டி.டி.ஆர். போடுவதற்கு ஏற்ற நேரம் அதுவே. ரயில் நடைமேடைக்கு வந்த பிறகு போடலாம் என்று காத்திருக்கவும் கூடாது. காட்பாடியில் பெரும்பாலான ரயில்கள் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கடவுச்சொல் மறந்துபோவதும் இணைப்பு அறுந்துபோவதும் நடக்கக் கூடியவை. இரவு வண்டியானால் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: நள்ளிரவையொட்டி, ஏறக்குறைய 11:45க்குப் பிறகு அரை மணி நேரம் பராமரிப்புக்காகத் தளத்தின் சேவை நிறுத்தப்படும். தாமதமான ரயில் அந்த இடைவெளியில் வந்து போவதாக இருந்தால் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டியதுதான்.

போடும் முறை கடினமல்ல. டிக்கெட் எடுத்த அதே கணக்கில் நுழைந்து, `My Transactions` பகுதியில் உள்ள `File TDR` என்பதைத் தேர்ந்தெடுத்து, உரிய பி.என்.ஆரைச் சொடுக்கி, பயணம் செய்யாதவர்களின் பெயர்களைக் குறித்து, காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் தங்கியிருப்பது காரணத்தில். பட்டியலில் பயணி பயணம் செய்யவில்லை என்று பொதுவாக ஒரு காரணம் இருக்கும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணி பயணம் செய்யவில்லை என்று வேறொரு காரணம் தனியாக இருக்கும். முதலாவது கண்ணில் பட்டதும் அதைச் சொடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கோரிக்கை நான்கு மணி நேர வரம்பின் கீழ் போய்விடும். ரயில் தாமதமானதை யாரும் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்ல. கோரிக்கையைப் பதிந்ததும் வரும் எண்ணையும், அந்த நேரத்தில் ரயில் எங்கே இருந்தது என்று காட்டும் ஓட்ட நிலைத் திரையையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வாதாட நேர்ந்தால், ரயில் புறப்படும் முன்பே நான் பதிந்தேன் என்பதற்கு இவை இரண்டும் நேரத்தோடு சான்றாகும்.

மூவரில் ஒருவர் மட்டும் தங்கிவிட்டு இருவர் போவது என்று முடிவானால், அது வேறு வகைக் கோரிக்கை. அப்போது ரயிலில் டி.டி.இ.யிடம் இன்னார் வரவில்லை என்று சான்று எழுதி வாங்கி, அதன் மூலத்தை அனுப்பிவைக்க வேண்டும். ஓடும் ரயிலில் சான்று கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிறகு அதற்கு மாற்று இல்லை.

டிக்கெட் எடுத்த கணக்கில்தான் டி.டி.ஆர். போட முடியும் என்பது வேலூரில் தனிக் கவலைக்குரியது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பகுதிகளிலிருந்து வரும் நோயாளிக் குடும்பங்கள் திரும்பும் டிக்கெட்டை மருத்துவமனையைச் சுற்றியுள்ள டிராவல்ஸ் கடைகளில் எடுப்பது வழக்கம். அந்த டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். போட வேண்டியவர் கடைக்காரர். பணம் திரும்புவதும் அவர் கணக்கின் வழியாகத்தான். ரயில் நள்ளிரவில் தாமதமாகிக் கடை பூட்டியிருந்தால் குடும்பத்தின் கையில் பி.என்.ஆர். இருந்தும் பயனில்லை. கடையில் டிக்கெட் வாங்குகிறவர்கள் அந்த நேரத்தில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், தங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே டிக்கெட்டில் கொடுக்கச் சொல்வதும் மிகவும் தேவை. கணக்கு வைத்திருக்கும் உறவினர் ஒருவர் எடுத்துத் தருவதற்கு வாய்ப்பிருந்தால், எனக்கு அதுவே மேலாகத் தோன்றுகிறது.

தாமதத்தை எந்த நிலையத்தில் அளப்பது என்ற கேள்வியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து கோவைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஏறும் இடத்தை மட்டும் காட்பாடி என்று மாற்றிக்கொள்வோர் நம் பகுதியில் நிறைய. தட்கல் விதி இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது: டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் வேறு வேறாக இருந்தால், தாமதம் கணக்கிடப்படுவது பயணம் தொடங்கும் நிலையத்தில்தான், ஏறும் நிலையத்தில் அல்ல. ரயில் சென்ட்ரலை நேரத்துக்கு விட்டு, அரக்கோணத்துக்கு அருகே சிக்கிக்கொண்டு காட்பாடிக்கு நான்கு மணி நேரம் தாமதமாக வந்தாலும், அந்தத் தட்கல் டிக்கெட்டுக்கு இந்த விதியின் பயன் கிட்டாது. காட்பாடியிலிருந்தே எடுத்த டிக்கெட்டுக்குக் கிட்டும். இரண்டுக்கும் கட்டண வேறுபாடு சிறிதாக இருக்கும்போது, காட்பாடி ஒதுக்கீட்டில் இடம் இருந்தால் அங்கிருந்தே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோரிக்கை பதிந்த பிறகு அது எங்கே போகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். காட்பாடி தெற்கு ரயில்வேயில் இருந்தாலும், எல்லாக் கோரிக்கையும் சென்னைக்குப் போவதில்லை. ரயில் எங்கே போய் முடிகிறதோ அந்த மண்டலத்துக்கு ஐ.ஆர்.சி.டி.சி. அதை அனுப்புகிறது. திருவனந்தபுரம் போகும் ரயிலானால் தெற்கு ரயில்வே. பெங்களூரில் முடியும் ரயிலானால் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வே. தன்பாத் ரயிலானால் ஹாஜிப்பூரில் உள்ள கிழக்கு மத்திய ரயில்வே. அங்கே இரண்டு பதிவுகளை ஒப்பிடுகிறார்கள். ஒன்று, ஒவ்வொரு நிலையத்திலும் ரயில் வந்து போன நேரம். மற்றொன்று, அந்தப் படுக்கைகளில் ஆள் வரவில்லை என்று டி.டி.இ. பதிந்திருக்கிறாரா என்பது. தாமதம் உண்மையாகவே இருந்து, டி.டி.இ. கவனக்குறைவாகப் பயணி வந்ததாகக் குறித்துவிட்டால் நியாயமான கோரிக்கையும் தள்ளுபடியாகும். மண்டலம் ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம், முதலில் கட்டிய அதே கணக்குக்குத் திரும்பும். இதற்குக் குறைந்தது 60 நாளாகும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். நிலை என்ன என்பதைத் தளத்திலேயே டி.டி.ஆர். வரலாற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

கவுன்ட்டரில் எடுத்த காகித டிக்கெட்டுக்கு இணையப் படிவம் உதவாது. தாமதமான ரயில் புறப்படும் முன்பே நிலையத்துக்குப் போய் டிக்கெட்டை ஒப்படைத்துப் பணம் கேட்க வேண்டும். அங்கேயே பணம் தர இயலாத சூழலில் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு டி.டி.ஆர். என்ற ரசீதைத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு 10 நாளுக்குள் மண்டலத் தலைமை வணிக மேலாளரின் கட்டணத் திருப்பப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலூரிலிருந்து காட்பாடிக்கு ஆட்டோ பிடித்துப் போய்வரச் சோம்பி டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டால் உரிமை அன்றே முடிந்துவிடுகிறது.

இணையக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், காரணம் என்ன என்று படித்துப் பார்ப்பது முதல் வேலை. காலங்கடந்தது என்றோ தாமதம் மூன்று மணி நேரத்துக்குக் குறைவு என்றோ சொல்லியிருந்து, நாம் படமெடுத்து வைத்த ஓட்ட நிலைத் திரையும் அதையே காட்டினால் மேற்கொண்டு முயல்வதில் பொருளில்லை. பயணி வந்ததாகப் பதிவு இருக்கிறது என்பது காரணமானால் எதிர்க்க இடமுண்டு: அதே நாளில் மாற்றாக எடுத்த பேருந்து டிக்கெட், ரயில் புறப்படும் முன்பே டி.டி.ஆர். பதிந்த நேரம் இரண்டையும் இணைத்து, கோரிக்கையை முடிவு செய்த மண்டலத்தின் கட்டணத் திருப்பப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால், பயணக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. அதன் அமர்வு ஒன்று சென்னையில் இயங்குகிறது. மூவாயிரம் ரூபாய்க்காக அங்கே போவதா என்பது அவரவர் முடிவு. ஆனால் ஒரு குடும்பமாகத் தட்கலில் ஏ.சி. வகுப்பில் அசாம் வரை எடுத்த டிக்கெட்டின் தொகை அவ்வளவு சிறியதாக இருக்காது. அந்த நிலையில், ரயில் நகர்வதற்கு முன்பு பதிந்த அந்தக் கோரிக்கையின் எண்ணும் நேரமும்தான் தீர்ப்பாயம் முதலில் கேட்கும் சான்றாக இருக்கும்.